பாட்டிலில் 0.1 என்று எழுதியிருந்தது: வினிகர் அமில அளவு பிசகிய ஒரு நிகழ்வு

பின்னணி

இது நடந்தது சிங்கப்பூரில் உட்லண்ட்ஸ் பக்கம், அடுக்குமாடித் தொழிற்கூடம் ஒன்றில் இயங்கும் சிறிய உணவுத் தொழிற்சாலையில். அச்சார், சம்பல், எலுமிச்சை ஊறுகாய் எல்லாம் செய்கிறோம். அதோடு ஊறவைக்கும் வினிகர் நீரைப் பீப்பாய் பீப்பாயாக இன்னொரு நிறுவனத்துக்கும் விற்கிறோம். சீனப் புத்தாண்டுக்கு முன்னால் அவர்களுக்கு அச்சார் ஆர்டர் குவியும் என்பதால் நவம்பர், டிசம்பரில் எங்களுக்கும் மூச்சுவிட நேரமிருக்காது.

அந்த வினிகர் நீரில் 100 மி.லி.க்கு ஆகக் குறைந்தது 4.8 கிராம் அசிட்டிக் அமிலம் இருக்க வேண்டும் என்பது ஒப்பந்தம். நாங்கள் 5.0 என்று வைத்துக் கலப்போம். வலுவான வினிகர் வரும், நான் அல்லது உடன் வேலை செய்யும் தம்பி அதை அளந்து சொல்வோம், உற்பத்திப் பகுதி அண்ணன் அந்த எண்ணைப் பார்த்து எவ்வளவு தண்ணீர் சேர்ப்பது என்று முடிவு செய்வார், கலந்ததை மறுபடி அளந்து 5.0 பக்கம் வந்துவிட்டால் பீப்பாயில் நிரப்பிவிடுவார்கள். அதாவது எங்கள் எண் வெறும் சான்றிதழில் ஏறுவதோடு நிற்பதில்லை, தண்ணீர்க் குழாயைத் திறப்பதும் மூடுவதும் அதுதான். பின்னால் வருவதற்கு இது முக்கியம்.

அளக்கும் முறை எல்லாரும் செய்வதுதான். 10 மி.லி. வினிகர் நீரை 100 மி.லி. ஆக்கி, அதிலிருந்து 25 மி.லி. எடுத்து, நிறங்காட்டியாக ஃபீனால்ஃப்தலீன் இரண்டு சொட்டு விட்டு, 0.1 மோலார் சோடியம் ஹைட்ராக்சைடு கரைசலால் டைட்ரேஷன், அதாவது நிறம் மாறும்வரை அந்தக் கரைசலைச் சொட்டுச் சொட்டாக விட்டு எத்தனை மி.லி. போனது என்று பார்ப்பது. பல ஆண்டுகளாக அந்தக் கரைசலைத் தயார்நிலையில் வாங்கிக்கொண்டிருந்தோம். அதோடு ஒரு சான்றிதழ் வரும். அதில் எப்போதும் 0.1000 என்றே இருந்ததால், யாரோ ஒரு நல்ல மனிதர் எங்கள் கணக்குத் தாளில் 0.1000 என்று அச்சடித்தே வைத்துவிட்டார். அப்போது அது வசதியாகத்தான் இருந்தது.

அந்த ஆண்டு நவம்பரில் வாங்கும் கரைசல் வர ஆறு வாரம் ஆகும் என்று சொல்லிவிட்டார்கள். அலமாரியில் காஸ்டிக் சோடா, அதாவது அதே சோடியம் ஹைட்ராக்சைடு, வில்லைகளாக அரைக்கிலோ டப்பா ஒன்று இருந்தது. தம்பி பலதுறைத் தொழிற்கல்லூரி முடித்து ஐந்து மாதம் ஆனவன், கணக்கில் புலி. மோலார் எடை 40, ஒரு லிட்டருக்கு 0.1 மோல் என்றால் 4.00 கிராம். எடைபோட்டு, கரைத்து, ஒரு லிட்டர் குடுவையில் கோடு வரை நிரப்பி, பாட்டிலில் ஊற்றி 0.1 மோலார் என்று எழுதிவிட்டான். என்னிடம் கேட்டான், "அக்கா, நாமே கலந்துக்கலாமா?" நான் தலையாட்டினேன். எப்படிக் கலக்கப் போகிறாய் என்று நான் திருப்பிக் கேட்கவில்லை. இந்த நிகழ்வில் தம்பியின் பங்கை விட என் பங்கு பெரிது என்பதை இங்கேயே எழுதிவிடுகிறேன்.

முதலில் தெரிந்தது

ஆறு வாரத்தில் அப்படி மூன்று பாட்டில் கலந்தோம், ஏழு தொகுதி வினிகர் நீர் அனுப்பினோம், அல்லது அனுப்பத் தயாராக வைத்தோம். ஏழும் எங்கள் தாளில் 5.0 பக்கம்தான். டிசம்பர் மூன்றாம் வாரம் வாடிக்கையாளரிடமிருந்து மின்னஞ்சல். ஆறாவது தொகுதியின் மாதிரியை அவர்கள் ஆய்வுக்கூடம் அளந்ததில் 4.52. எங்கள் சான்றிதழில் 4.99.

பாஸ் கேட்ட முதல் கேள்வி, "யார் எண் சரி?" இரண்டு கூடத்துக்கும் இடையில் சின்ன வேறுபாடு வருவது சகஜம், ஆனால் கிட்டத்தட்ட பத்தில் ஒரு பங்கு வித்தியாசம் என்பது வாசிப்புப் பிழை அல்ல. 20 மி.லி. வாசிப்பில் அது 2 மி.லி. தூக்கக் கலக்கத்தில் பார்த்தாலும் அவ்வளவு தப்பாது.

தவறான இடத்தில் தேடிய ஒரு நாள்

நான் முதலில் சந்தேகப்பட்டது கண்ணாடிச் சாமான்களை. பிப்பெட்டை எடுத்துத் தண்ணீர் நிரப்பி, வடித்து, எடைபோட்டேன். 25 மி.லி. பிப்பெட் 24.9 கிராம் அருகே காட்டியது, அறை வெப்பத்தில் தண்ணீருக்கு அது சரியான எடைதான். பியூரெட்டையும் அப்படியே. அடைப்பான் கசிகிறதா என்று அரைமணி நேரம் விட்டுப் பார்த்தேன். எல்லாம் சரி. பிறகு சேமித்து வைத்திருந்த ஆறாம் தொகுதி மாதிரியை நானே அளந்தேன், தம்பி எடுத்த 4.99-ஐ ஒட்டி 4.97 தான் வந்தது. கைப்பழக்கமும் காரணமல்ல என்று தெரிந்துகொள்ள ஒரு முழுநாள் போயிற்று.

மாலையில்தான் கணக்குத் தாளை எதிரில் வைத்துக்கொண்டு யோசித்தேன். அந்தக் கணக்கில் நாங்கள் கையால் அளக்காத எண் ஒன்றே ஒன்றுதான், அச்சடித்த அந்த 0.1000. கரைசல் உண்மையில் அதைவிட நீர்த்ததாக இருந்தால் அதே அமிலத்தை முறிக்க அதிக மி.லி. போகும். அந்த அதிக மி.லி.யை நாம் 0.1000 ஆல் பெருக்குவோம், அமிலம் இருப்பதைவிட அதிகமாகத் தெரியும். நாங்கள் அதிகம் காட்டினோம், அவர்கள் குறைவாகக் காட்டினார்கள். திசை பொருந்தியது.

டப்பாவும் தராசும்

மறுநாள் காலை தம்பியை அந்த டப்பாவைக் கொண்டுவரச் சொன்னேன். மூடி முழுதாக ஏறவில்லை, மரையில் வெள்ளையாகப் பொடி படிந்திருந்தது. உள்ளே மேல்பக்கத்து வில்லைகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு கட்டியாக இருந்தன. வெளியே வடகிழக்குப் பருவமழை கொட்டிக்கொண்டிருந்தது. டப்பா வைத்திருந்த அலமாரி, குளிர்சாதனம் இல்லாத பொருளறையில், சரக்கேற்றும் வாசலுக்குப் பக்கத்தில்.

அவனுக்குச் சொல்லிப் புரியவைப்பதைவிடக் காட்டுவது மேல் என்று நினைத்தேன். நான்கு தசமம் காட்டும் தராசில் கண்ணாடித் தட்டு ஒன்றை வைத்து, டப்பாவின் அடியிலிருந்து எடுத்த, உலர்ந்ததுபோல் தெரிந்த வில்லைகளைக் கொட்டினேன். 4.0021 கிராம். தராசின் கதவைத் திறந்தே விட்டேன். கடைசி இலக்கம் நிற்கவேயில்லை, ஏறிக்கொண்டே இருந்தது. ஐந்து நிமிடத்தில் 4.0410. பத்து நிமிடத்தில் 4.0790, வில்லைகளின் மேல் எண்ணெய் தடவியதுபோல் ஒரு பளபளப்பு. அதுவும் குளிர்சாதனம் ஓடும் அறையில். "அக்கா, இதுல எப்ப ரீடிங் எடுக்கறது?" என்றான். சரியான கேள்வி. எப்போது எடுத்தாலும் தப்புதான் என்பதே பதில்.

தராசு பொய் சொல்லவில்லை. தட்டில் இருப்பதன் எடையைச் சரியாகத்தான் சொல்கிறது. அந்த எடையில் எவ்வளவு சோடியம் ஹைட்ராக்சைடு என்பதுதான் அதற்குத் தெரியாது. அங்கே மூன்று பொருள் கலந்திருக்கிறது.

முதலாவது, புதிதாகத் திறந்த டப்பாவே முழுத் தூய்மை இல்லை. எங்கள் டப்பாவின் சீட்டில் ஆகக் குறைந்தது 97 சதவீதம் என்று இருந்தது. அப்படியென்றால் திறந்த அன்றே, பிசகில்லாமல் 4.00 கிராம் எடுத்தாலும் 0.097 அருகில்தான் வரும். இரண்டாவது தண்ணீர். காஸ்டிக் சோடா காற்றிலுள்ள ஈரத்தை இழுத்துத் தானே அதில் கரைந்துவிடும் பொருள், உப்பு ஜாடி மழைக்காலத்தில் நீர்த்துப்போவதெல்லாம் இதற்கு முன்னால் ஒன்றுமில்லை. மூன்றாவதுதான் கள்ளத்தனமானது. காற்றிலுள்ள கார்பன் டை ஆக்சைடு அதோடு சேர்ந்து சோடியம் கார்பனேட் ஆகிவிடும்:

```
2 NaOH + CO2 → Na2CO3 + H2O
```

இரண்டு மோல் காரம் போய் ஒரு மோல் கார்பனேட் வருகிறது. ஃபீனால்ஃப்தலீன் நிறம் மாறும் இடத்தில் அந்தக் கார்பனேட் பைகார்பனேட் வரைதான் போயிருக்கும், அதாவது ஒரே ஒரு அமில ஹைட்ரஜனைத்தான் வாங்கியிருக்கும். இரண்டு செய்ய வேண்டிய வேலையை ஒன்றுதான் செய்கிறது. கண்ணால் பார்த்தால் இரண்டும் ஒரே வெள்ளை.

"அப்போ ஓவன்ல காயவச்சு எடைபோட்டா?" என்று கேட்டான். கேட்கத் தோன்றும். ஆனால் 110 டிகிரி ஓவன் காஸ்டிக்கைச் சரிப்படுத்தாது. அது பிடித்துவைத்திருக்கும் தண்ணீர் அவ்வளவு எளிதில் விடாது, விட்ட தண்ணீரை ஆறும்போதே திரும்ப இழுத்துக்கொள்ளும், உருவான கார்பனேட் அந்தச் சூட்டில் சிதைந்து காரமாகத் திரும்பவும் போவதில்லை. போதாததற்குச் சூடான காரம் கண்ணாடியை அரிக்கும்.

மூன்றாவது பாட்டிலில் எஞ்சியிருந்த கரைசலில் கொஞ்சம் எடுத்துப் பேரியம் குளோரைடு கரைசல் சில துளி விட்டேன். உடனே பால்போல் கலங்கியது, பேரியம் கார்பனேட். கார்பனேட் இருக்கிறதா என்று பார்க்க ஒரு நிமிட வேலை. எவ்வளவு என்று அது சொல்லாது. தவிர, பேரியம் உப்பு நஞ்சு, அதைத் தொட்டியில் ஊற்றாமல் தனிக் கழிவுப் பாட்டிலில் சேர்க்க வேண்டும்.

எதனோடு ஒப்பிடுவது

காரத்தை நேரே எடைபோட முடியாதென்றால், எடைபோட்டு நம்பக்கூடிய ஒரு அமிலத்தை எடுத்து, அதை முறிக்க இந்தக் காரம் எத்தனை மி.லி. போகிறது என்று பார்த்து, பின்னோக்கிக் கணக்கிட வேண்டும். அதற்குத்தான் பொட்டாசியம் ஹைட்ரஜன் தாலேட். கூடத்தில் எல்லாரும் கேஎச்பி என்பார்கள். நல்லவேளையாக, முன்பு வாங்கிய சீல் உடைக்காத சிறிய புட்டி ஒன்று இருந்தது.

கேஎச்பியிடம் காஸ்டிக்கிடம் இல்லாத குணமெல்லாம் இருக்கிறது. மிகத் தூய்மையாகக் கிடைக்கும், காற்றில் வைத்தால் ஈரம் இழுக்காது, கார்பன் டை ஆக்சைடோடு சேராது, 110 முதல் 120 டிகிரியில் இரண்டு மணி நேரம் காயவைத்தால் மேலோட்டமான ஈரம் போய்விடும், அப்புறம் எடை நிலையாக நிற்கும். ரொம்பச் சூடாக்கினால் மட்டும் சிதையத் தொடங்கும், அதனால் ஓவனின் முள்ளைக் கண்ணை மூடிக்கொண்டு திருகக் கூடாது. ஒரு மூலக்கூறுக்கு ஒரே ஒரு அமில ஹைட்ரஜன் என்பதால் ஒன்றுக்கு ஒன்று கணக்கு. மோலார் எடை 204.22. இது பெரிய எண் என்பதும் ஒரு வசதி. 0.1 மோலார் காரம் 25 மி.லி.க்கு 0.51 கிராம் கேஎச்பி வேண்டும், ஆகவே தராசின் கடைசி இலக்கத்தில் ஒன்றிரண்டு தவறினாலும் விடையில் தெரியாது.

நிறங்காட்டியும் ஃபீனால்ஃப்தலீனாகத்தான் இருக்க வேண்டும். கேஎச்பி வலு குறைந்த அமிலம், அது முழுதாக முறியும் இடத்தில் கரைசல் நடுநிலையில் இருக்காது, பிஎச் 9 அருகில் இருக்கும். மெத்தில் ஆரஞ்சு போட்டால் ஒரு சொட்டுக் காரம் விடுவதற்கு முன்னாலேயே அதன் நிறமாற்ற எல்லைக்குள் நிற்பீர்கள், ஏனென்றால் கேஎச்பி கரைசலின் பிஎச்சே 4 பக்கம்.

முதல் சுற்று, தூக்கிப்போட்டது

தம்பியையே செய்யச் சொன்னேன். பிற்பகல் மூன்று எண்களோடு வந்தான். 0.0897, 0.0912, 0.0901. சராசரி 0.0903. "கரெக்டா இருக்குல்ல அக்கா, அவங்க சொன்ன 4.52-க்கு ஒத்து வருது!" உண்மைதான், ஒத்துத்தான் வந்தது. ஆனாலும் நான் அதை ஏற்கவில்லை.

மூன்று எண்ணுக்கும் இடையில் ஒன்றரை சதவீதத்துக்கு மேல் இடைவெளி. ஒரே பாட்டில், ஒரே பியூரெட், ஒரே கை. கேஎச்பியில் அது ஆயிரத்தில் இரண்டு மூன்றுக்குள் இருக்க வேண்டும். இல்லையென்றால் எங்கோ தவறு நடக்கிறது, சராசரி நல்லதாக விழுந்தது அதிர்ஷ்டம். எப்படிச் செய்தாய் என்று ஒவ்வொரு அடியாகக் கேட்டேன், இந்த முறை நிஜமாகவே கேட்டேன்.

இரண்டு விஷயம் வெளிவந்தது. ஓவனிலிருந்து எடுத்த கேஎச்பியை ஐந்தே நிமிடம் வெளியில் வைத்துவிட்டு எடைபோட்டிருக்கிறான், புட்டி இன்னும் வெதுவெதுப்பாக இருந்திருக்கிறது. சூடான பொருளைச் சுற்றிக் காற்று மேலெழும்பித் தட்டைத் தூக்கும், எடை குறைவாகக் காட்டும். எழுதிய எடை குறைவு, குடுவையில் போன கேஎச்பி அதிகம், ஆகவே காரம் நீர்த்ததாகத் தெரியும். 0.0897 அப்படி வந்தது என்பது என் ஊகம்.

இன்னொன்று எதிர்த்திசை. கேஎச்பி குளிர்ந்த தண்ணீரில் சோம்பலாகக் கரையும். இரண்டாவது குடுவையில் அடியில் சில மணிகள் கரையாமல் கிடந்திருக்கின்றன. அவன் இளஞ்சிவப்பைப் பார்த்ததும் நிறுத்திவிட்டான். கொஞ்ச நேரத்தில் நிறம் மறைந்ததாம், காற்றிலுள்ள கார்பன் டை ஆக்சைடால்தான் மறைகிறது என்று விட்டுவிட்டானாம். படித்ததை நினைவில் வைத்திருந்தது நல்லதுதான், ஆனால் இங்கே நிறத்தைத் தின்றது கரையாத மணி. மி.லி. குறைவாகப் பதிவாகி, காரம் வலுவாகத் தெரிந்தது. ஒரு பிழை மேலே இழுக்க, ஒன்று கீழே இழுக்க, நடுவில் ஒரு அழகான சராசரி.

இரண்டாம் சுற்று

கேஎச்பியைக் கல்வத்தில் மெதுவாக நொறுக்கி, 115 டிகிரியில் இரண்டு மணி நேரம் வைத்து, ஈரம் புகாத மூடிய கலமான டெசிகேட்டரில் ஒரு மணி நேரம் ஆறவிட்டோம். எடைப்புட்டியை எடைபோட்டு, குடுவையில் கொட்டி, மறுபடி எடைபோட்டு, வித்தியாசத்தை எடுத்தோம், தாளில் கொட்டினால் தாளில் ஒட்டும். கொதிக்கவைத்து மூடி ஆறவைத்த தண்ணீர் 50 மி.லி. சேர்த்து, ஒரு மணி கூட மிஞ்சாமல் கரையும்வரை சுழற்றினோம், பிடிவாதமாக இருந்த குடுவையைச் சற்று வெதுவெதுப்பாக்கி ஆறவிட்டோம். தண்ணீரைக் கொதிக்கவைப்பது அதில் கரைந்திருக்கும் கார்பன் டை ஆக்சைடை விரட்ட. அரை நிமிடம் நிற்கும் ஆகவும் மங்கலான ரோஜா நிறம்தான் முடிவு.

0.5121 கிராமுக்கு 27.70 மி.லி. போனது. அதன் கணக்கு:

```
0.5121 g ÷ 204.22 g/mol = 0.0025076 mol
0.0025076 mol ÷ 0.02770 L = 0.0905 mol/L
```

அடுத்து 0.5043 கிராமுக்கு 27.30 மி.லி., அதற்கடுத்து 0.5208 கிராமுக்கு 28.15 மி.லி. விடைகள் 0.0905, 0.0905, 0.0906. இப்போது நம்பலாம்.

ஆறாம் தொகுதி மாதிரிக்கு என் கையில் வந்தது 20.70 மி.லி. 0.1000 என்று போட்டால் 4.97, 0.0905 என்று போட்டால் 4.50. வாடிக்கையாளர் சொன்னது 4.52.

கார்பனேட் கலந்த கரைசலை வைத்துக்கொண்டு எப்படிச் சரியான விடை வந்தது என்று தம்பி கேட்டான். கேஎச்பியையும் வினிகரையும் ஒரே நிறங்காட்டியால், ஏறக்குறைய ஒரே பிஎச்சில் முடிக்கிறோம். கார்பனேட் இரண்டிலும் ஒரே அளவுக்குத்தான் வேலை செய்யும், ஆகவே 0.0905 என்பது அந்தப் பயன்பாட்டுக்குச் சரியான வலு. அதே பாட்டிலை மெத்தில் ஆரஞ்சோடு வேறொரு டைட்ரேஷனுக்கு எடுத்திருந்தால் கார்பனேட் தன் இரண்டாவது பங்கையும் கொடுத்திருக்கும், 0.0905 அங்கே பொய்யாகியிருக்கும். பாட்டிலில் எழுதும் எண்ணோடு எந்த நிறங்காட்டி என்றும் எழுத வேண்டும் என்பதை நாங்கள் இப்படித்தான் கற்றுக்கொண்டோம்.

பழைய ஏழு தொகுதிகளை என்ன செய்வது

பாஸ் சொன்ன வழி எளிது: எல்லாப் பழைய எண்களையும் 0.905 ஆல் பெருக்கித் திருத்திவிடு. நான் மறுத்தேன். 0.0905 என்பது மூன்றாவது பாட்டிலின் வலு மட்டும்தான். முதல் பாட்டில் கலந்தபோது டப்பா புதிது, இரண்டாவதுக்கு மூன்று வாரம் ஈரம் குடித்திருக்கும், மூன்றாவதுக்கு இன்னும் அதிகம். முதல் இரண்டு பாட்டிலும் காலியாகிக் கழுவியாயிற்று, அவற்றின் வலு எவ்வளவு என்று இனி யாராலும் சொல்ல முடியாது. பெருக்குவதற்கு என்னிடம் எண்ணே இல்லை.

நல்லவேளை ஒவ்வொரு தொகுதியிலும் ஒரு சீல் வைத்த மாதிரி இருந்தது. ஏழையும் மறுபடி அளந்தோம். முதல் இரண்டு தொகுதி 4.86, 4.83. நடுவில் மூன்று 4.71, 4.68, 4.70. கடைசி இரண்டு 4.50, 4.53. டப்பா ஈரமானதன் வரலாறு அப்படியே படிக்கட்டாக இறங்கியிருந்தது. முதல் படி, டப்பா சீட்டில் இருந்த 97 சதவீதத்தோடு கச்சிதமாகப் பொருந்தியது. பாஸ் சொன்னபடி எல்லாவற்றையும் 0.905 ஆல் பெருக்கியிருந்தால் ஒப்பந்தத்துக்கு உட்பட்ட முதல் இரண்டு தொகுதியையும் வீணாகத் திரும்பப் பெற்றிருப்போம்.

உற்பத்தி அண்ணனுக்குத்தான் ரொம்பக் கோபம். "நீங்க அஞ்சுன்னு சொன்னதாலதானே தண்ணி ஊத்தினேன்!" அவர் சொன்னதில் தப்பே இல்லை. வினிகர் தானாக வலு குறையவில்லை. எங்கள் எண்ணை நம்பி அவர் தண்ணீர் சேர்த்தார்.

பின் நடந்தவை

4.8-க்குக் கீழே ஐந்து தொகுதி. இரண்டு எங்கள் கிடங்கிலேயே இருந்தன, வலுவான வினிகர் சேர்த்துச் சரிசெய்தோம். மூன்று போய்விட்டிருந்தன. ஏழு எண்களையும் மறைக்காமல் வாடிக்கையாளருக்கு எழுதினோம், அவர்கள் அளக்காத தொகுதிகளையும் சேர்த்து. பாஸ் அதில் இரண்டு நாள் தயங்கினார், பிறகு சரி என்றார். அவர்கள் செய்து முடித்திருந்த அச்சாரில் பிஎச் மீட்டரால் தனியாக அளந்து வைத்திருந்தார்கள், எல்லாம் 4-க்குக் கீழே. அது எங்கள் டைட்ரேஷனைச் சார்ந்த எண் அல்ல என்பதால் நம்ப முடிந்தது, உணவுப் பாதுகாப்புச் சிக்கல் எழவில்லை. பயன்படுத்தாத ஒரு தொகுதி திரும்பி வந்தது, மற்ற இரண்டுக்கு விலையில் கழிவு கொடுத்தோம்.

கரைசலைப் புதிதாகச் செய்தோம், இம்முறை வேறு வழியில். புது டப்பாவிலிருந்து காஸ்டிக்கைத் தண்ணீரோடு சம எடையில் கலந்து 50 சதவீதக் கரைசல், பனிக்கட்டித் தொட்டியில் பிளாஸ்டிக் பீக்கரை வைத்து, பாதுகாப்புக் கண்ணாடியும் கையுறையும் போட்டுக்கொண்டு, ஏனென்றால் அது கொதிக்கும் அளவுக்குச் சூடாகும். அவ்வளவு அடர்த்தியான காரத்தில் சோடியம் கார்பனேட் கரையாது, சில நாள் அசைக்காமல் வைத்தால் அடியில் படிந்துவிடும். மேலே தெளிந்ததில் 5.3 மி.லி. எடுத்து, கொதித்து ஆறிய தண்ணீரில் ஒரு லிட்டர் ஆக்கினோம். 5.3-ஐத் துல்லியமாக அளக்க மெனக்கெடவில்லை, கேஎச்பி பார்த்துக்கொள்ளும். விடை 0.1012. பேரியம் குளோரைடுக்குக் கலங்கவில்லை. பாலித்தீன் பாட்டில், மூடியில் கார்பன் டை ஆக்சைடைப் பிடித்துக்கொள்ளும் சோடா சுண்ணாம்பு நிரப்பிய காற்றுக்குழாய்.

பாஸ் எட்டிப் பார்த்துவிட்டு "0.1000 ஆக்க முடியாதா?" என்றார். முடியும், தண்ணீர் சேர்த்துத் திரும்பத் திரும்ப அளந்துகொண்டிருக்கலாம். எதற்கு? கணக்கில் 0.1012 என்று போட்டால் போதும்.

பழைய பாட்டிலைக் கொட்டாமல் ஒப்பிட வைத்திருந்தோம், சாதாரண மூடியோடு, அவ்வப்போது திறந்துகொண்டு. மூன்று வாரத்தில் 0.0905 இறங்கி 0.0892. புதியது நான்கு வாரத்தில் 0.1012-லிருந்து 0.1010. இதைப் பார்த்தபிறகு வாரம் ஒருமுறை கேஎச்பி பார்ப்பது என்று வைத்துக்கொண்டோம்.

மாற்றியதும், இப்போது செய்தால் மாற்றுவதும்

கணக்குத் தாளில் 0.1000 அச்சடித்த இடம் இப்போது வெற்றுக் கட்டம். கரைசல் பாட்டிலில் மூன்று எண்ணும், சராசரியும், தேதியும், நிறங்காட்டியும், செய்தவர் கையெழுத்தும் இருக்கும். மூன்று எண்ணுக்குள் இடைவெளி ஆயிரத்தில் மூன்றைத் தாண்டினால் சராசரி எடுக்க அனுமதியில்லை, மறுபடி செய்ய வேண்டும். வாங்கிய கரைசலானாலும் திறந்த அன்று ஒரு கேஎச்பி.

இன்று இதே புகார் வந்தால் பிப்பெட்டை எடைபோட்டு ஒரு நாளைக் கழிக்க மாட்டேன். காய்ந்த கேஎச்பி டெசிகேட்டரில் தயாராக இருந்தால் ஒரு டைட்ரேஷனுக்குக் கால்மணி நேரம் போதும், காரத்தையும் பியூரெட்டையும் முடிவுப்புள்ளி பார்க்கும் கண்ணையும் அது ஒன்றாகச் சோதித்துவிடும். தம்பி அன்று அனுமதி கேட்டபோது, "எடைபோட்ட பிறகு எதை வைத்துச் சரிபார்ப்பாய்?" என்று ஒரு வார்த்தை கேட்டிருப்பேன்.

பழைய டப்பா இப்போது கழுவும் இடத்தில் இருக்கிறது, எண்ணெய் பிடித்த தொட்டியைச் சுத்தம் செய்ய. மூடியில் தம்பி சிவப்பு மையில் "எடைபோடாதே" என்று எழுதியிருக்கிறான். பொரிக்கும் எண்ணெயின் அமில அளவு பார்க்க ஆல்கஹாலில் கலந்த காரம் ஒன்று தனியாக வாங்குகிறோம், அதன் கணக்குத் தாளில் இன்னும் 0.1000 என்றே அச்சடித்திருக்கிறது. அடுத்த வாரம் அதற்கும் கேஎச்பி எடுத்து வைத்திருக்கிறோம்.